நிறம் போனால் அர்த்தமும் போகும்: ஸ்கேன் அட்டவணையைத் தட்டச்சு செய்யும் முன்

அச்சிட்ட அட்டவணையை ஸ்கேன் செய்து, ஓசிஆர் ஓட்டி, எக்செல்லில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எண்கள் பத்திரமாக வந்து சேர்ந்துவிடும். கட்டங்களுக்குப் பின்னால் இருந்த நிறம் வராது. அந்த நிறத்தில்தான் விஷயமே இருந்தது என்பது, யாராவது அந்தக் கோப்பை நம்பி ஒரு முடிவு எடுத்த பிறகுதான் தெரியவரும்.

அமெரிக்க தேசிய வானிலை சேவை வெளியிடும் வெப்பக் குறியீட்டு அட்டவணையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். மேலே வெப்பநிலை, 80 முதல் 110 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, இரண்டிரண்டாக. பக்கவாட்டில் ஈரப்பதம், 40 முதல் 100 சதவீதம் வரை, ஐந்தைந்தாக. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உடம்புக்கு எவ்வளவு சூடாகத் தோன்றும் என்ற எண் இருக்கும். 90 டிகிரி என்றால் சுமார் 32 செல்சியஸ். அதோடு ஈரப்பதம் 60 சதவீதம் சேர்ந்தால் உடம்புக்கு அது 100 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 38 செல்சியஸ். கட்டங்களுக்கு நான்கு நிறங்கள்: வெளிர்மஞ்சள் என்றால் எச்சரிக்கை, அடர்மஞ்சள் என்றால் மிகு எச்சரிக்கை, ஆரஞ்சு என்றால் ஆபத்து, சிவப்பு என்றால் பேராபத்து. வெயிலில் வேலை வாங்குகிறவர் பார்ப்பது எண்ணை அல்ல, இந்த நிறத்தை.

இதே அட்டவணையின் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மஞ்சளும் வெள்ளையாகிவிட்டன, சிவப்பு கறுத்து எண்களை விழுங்கிவிட்டது. கையில் இப்படி ஓர் அட்டவணை இருந்தால் இன்றைக்கே கீழே உள்ளபடி செய்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

கலரில் ஸ்கேன் செய்யுங்கள், 300 டிபிஐ-யில். பல ஸ்கேனர்கள் 'டெக்ஸ்ட்' மோடில் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடும். அப்படி ஒருமுறை மாறிவிட்டால் எந்த மென்பொருளாலும் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எண்ணைத் தொடும் முன் நிற விளக்கத்தைப் படித்து, அதைத் தனி அட்டவணையாக எழுதிவையுங்கள். எந்த நிறத்துக்கு என்ன பெயர், பக்கத்தில் அச்சிட்டிருப்பதை அப்படியே. இங்கே நான்கு வரிதான் வரும். நிற விளக்கம் பெரும்பாலும் அட்டவணைக்குக் கீழே, ஓரத்தில் இருக்கும். ஸ்கேனை வெட்டும்போது முதலில் பலியாவதும் அதுதான்.

நிறம் வரிசைக்கு வரிசை மாறுகிறதா, கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறதா என்று பாருங்கள். ஒரு முழு வரிசைக்கும் ஒரே நிறம் என்றால் வேலை சுலபம். கடைசியில் 'வகை' என்று ஒரு கலம் சேர்த்தால் போதும். வெப்பக் குறியீட்டில் ஒரே வரிசையில் நான்கு நிறமும் வரலாம் என்பதால் ஒரு கலம் எங்கேயும் பொருந்தாது. அட்டவணையை நீட்டியாக வேண்டும், அதாவது ஒரு கட்டத்துக்கு ஒரு வரி.

ஒரே அளவில் இரண்டு கட்டச்சட்டங்கள் தயாரியுங்கள். முதலாவதில் எண்கள். அதே தலைப்புகளோடு இரண்டாவதில், அந்தந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும் நிறத்தின் பெயர். இதைக் கையால்தான் செய்ய வேண்டும். 13 வரிசை, 16 கலம், ஆக 208 கட்டங்கள். சுருக்கெழுத்தாக வெ, ம, ஆ, சி என்று அடித்தால் அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது. பிறகு எக்செல்லின் பவர் குவெரியில் இரண்டையும் தனித்தனியாக 'அன்பிவட்' செய்து, வெப்பநிலையும் ஈரப்பதமும் பொருந்தும் இடத்தில் இணையுங்கள். நிற விளக்க அட்டவணையில் ஒவ்வொரு நிறத்துக்கும் அதன் சுருக்கெழுத்தையும், காலிக் கட்டத்துக்கான கோட்டுக்கு 'அச்சில் இல்லை' என்ற ஒரு வரியையும் எழுதி, அதையும் சேர்த்ததும் வகை தானாக வந்து உட்காரும். கிடைப்பது இப்படி இருக்கும்:

```
வெப்பநிலை,ஈரப்பதம்,குறியீடு,நிறம்,வகை
90,60,100,ம,மிகு எச்சரிக்கை
90,70,105,ஆ,ஆபத்து
90,95,127,சி,பேராபத்து
110,40,136,சி,பேராபத்து
110,45,-,-,அச்சில் இல்லை
```

நிறத்துக்கு ஒரு கலம், வகைக்கு ஒரு கலம் என இரண்டையும் வைத்திருங்கள். நிறம் நீங்கள் கண்டது. வகை அதற்கு நீங்கள் கொடுத்த அர்த்தம். நாளைக்கு யாராவது 'இது ஏன் ஆபத்து?' என்று கேட்டால், தவறு கண்ணில் நடந்ததா, நிற விளக்கத்தில் நடந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

காலிக் கட்டங்களில் ஒரு கோடு போடுங்கள். மேலே கடைசி வரியைப் பாருங்கள். 110 டிகிரியில் 40 சதவீதத்துக்கு மட்டும்தான் எண் உண்டு, 136. அதற்குக் கீழே எல்லாம் காலி. பவர் குவெரி 'அன்பிவட்' செய்யும்போது காலிக் கட்டங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிவிடும். கோடு போட்டிருந்தால் 208 வரியும் வரும், எதுவும் விழவில்லை என்று எண்ணியே தெரிந்துகொள்ளலாம்.

எண்ணையும் வகையையும் ஒன்றோடொன்று மோதவிட்டுச் சரிபாருங்கள். வெளியிட்டவர்களே வகைகளுக்கு எல்லை சொல்லியிருக்கிறார்கள்: எச்சரிக்கை 80 முதல் 90, மிகு எச்சரிக்கை 90 முதல் 103, ஆபத்து 103 முதல் 124, பேராபத்து 125-ம் அதற்கு மேலும். குறியீடு C-யிலும் வகை E-யிலும் இருந்தால் பக்கத்தில் ஒரு வரி போதும்:

```
=IF(AND(ISNUMBER(C2),C2>90,C2<103,E2<>"மிகு எச்சரிக்கை"),"பார்","")
```

மற்ற மூன்று வகைகளுக்கும் இதே மாதிரி எழுதுங்கள். 'பார்' என்று வரும் வரிகளை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டால் போதும். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஓசிஆர் 100-ஐ 109 என்று படித்திருக்கும், அல்லது உங்கள் கண் ஒரு வரி கீழே இறங்கியிருக்கும்.

செய்யக்கூடாதவை

எக்செல்லில் கட்டத்துக்கு நிறம் பூசிவிட்டு, பத்திரமாகிவிட்டது என்று நம்பாதீர்கள். சாதாரண ஃபார்முலாவுக்கு நிறம் தெரியாது. சிஎஸ்வி-யாகச் சேமித்த நொடியே அது போய்விடும். கண் தெரியாதவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் எண்ணைப் படிக்கும், பின்னணி நிறத்தைத் தானாகச் சொல்லாது. யாராவது ஏற்கெனவே நிறம் பூசிவைத்திருந்தால் ஒரு வழி உண்டு. நிறத்தின்படி ஃபில்டர் செய்து, தெரியும் வரிகளுக்கு மட்டும் வகையை எழுத்தில் நிரப்பலாம். ஆனால் கட்டத்துக்கு ஒரு வரி என்று நீட்டிய அட்டவணையில்தான் அது வேலைக்கு ஆகும்.

வகைக் கலத்தை எண்ணிலிருந்து கணக்குப் போட்டு நிரப்பாதீர்கள். கெட்டிக்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். 'எல்லைதான் தெரியுமே, ஒரு ஐஎஃப் போட்டால் 208-ம் முடிந்ததே' என்று தோன்றும். மேலே உள்ள எல்லைகளை இன்னொருமுறை பாருங்கள். 90 இரண்டு வகையில் இருக்கிறது, 103-ம் அப்படியே. 103 எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் எண்ணும் அல்ல. 88 டிகிரி 75 சதவீதம், 90 டிகிரி 65 சதவீதம், 94 டிகிரி 50 சதவீதம் என்று அட்டவணையின் நடுவில், வேலை நேரத்து வெயிலுக்கு நேராகவே வருகிறது. அந்தக் கட்டத்துக்கு அச்சில் என்ன நிறம் கொடுத்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஃபார்முலா போட்டால் நீங்கள் எழுதுவது அவர்கள் முடிவை அல்ல, உங்கள் ஊகத்தை. கணக்கு சரிபார்க்க மட்டும். அதனால்தான் மேலே உள்ள ஃபார்முலாவில் 90-ஐயும் 103-ஐயும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

நிறத்தைத் தவிர கட்டத்துக்குள் வேறு எதுவுமே இல்லாத அட்டவணைகளும் உண்டு. விதைப்பு மாதம் ஒரு நிறம், அறுவடை மாதம் ஒரு நிறம் என்று காட்டும் பயிர் நாட்காட்டி அப்படித்தான். அங்கே ஓசிஆர் கொடுப்பது வெறும் காலிக் கட்டங்கள். கணக்குப் போடக்கூட எண் கிடையாது.

காலிக் கட்டத்துக்கு 'ஆபத்து இல்லை' என்று எழுதாதீர்கள். இந்த அட்டவணையில் காலியாக இருப்பது வெப்பமும் ஈரப்பதமும் இரண்டுமே உச்சத்தில் இருக்கும் மூலை. நிறம் இல்லாததைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டால் மிக மோசமான மூலைக்கு நல்ல பெயர் கொடுத்ததாகும். 'அச்சில் இல்லை' என்பதற்குமேல் எதையும் எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை.

கலத்துக்கு வெறுமனே 'வகை' என்று பெயர் வைத்து விட்டுவிடாதீர்கள். எதன் வகை? அச்சில் தலைப்பு தெளிவாகச் சொல்கிறது: நீண்ட நேரம் வெப்பத்தில் இருந்தாலோ கடுமையாக உழைத்தாலோ வெப்பத்தால் உடல் பாதிக்கும் வாய்ப்பு. ஐந்து நிமிடம் வெளியே நிற்பவருக்கான அளவு அல்ல அது. மேலே மாதிரியில் இடத்துக்காகச் சுருக்கினேன். உங்கள் கோப்பில் 'நீண்ட நேர வெப்பத்தில் அல்லது கடும் உழைப்பில் பாதிப்பு வாய்ப்பு' என்று முழுசாகவே எழுதுங்கள்.

சந்தேகமான நிறத்தை ஊகித்து நிரப்பாதீர்கள். மங்கிய பிரதியில் இரண்டு மஞ்சளும் ஒன்றாகத் தெரிந்தால் நிறக் கலத்தில் கேள்விக்குறி போடுங்கள், நல்ல பிரதி கிடைக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். கேள்விக்குறியைப் பார்ப்பவர் விசாரிப்பார். தப்பான நிறத்தைப் பார்ப்பவர் விசாரிக்கமாட்டார்.

கீழே உள்ள சின்ன எழுத்துக் குறிப்பை வெட்டி எறியாதீர்கள். இந்த எண்கள் நிழலுக்கும் லேசான காற்றுக்கும் கணக்கிட்டவை. நேர் வெயிலில் 15 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடலாம் என்று தேசிய வானிலை சேவையே சொல்கிறது. 90 டிகிரி, 60 சதவீதக் கட்டம் நினைவிருக்கிறதா? குறியீடு 100, மிகு எச்சரிக்கை. வெட்டவெளியில் கம்பி கட்டுகிறவருக்கு அது 115 வரை போகலாம், அப்போது அது ஆபத்து. வகைக் கலத்தை மாற்றவேண்டாம், அது மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும். 'நிழலில்' என்ற ஒரு சொல்லை மட்டும் தலைப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.