தேய்மானம்: நேர்க்கோட்டு முறையும் குறைந்து செல் மதிப்பு முறையும் – முக்கியக் குறிப்புகள்

ஒரு டிடிபி கடைக்காரர் 1-4-2021 அன்று ரூ.94,000-க்குக் கணினிகள் வாங்குகிறார். வண்டிக் கூலியும் நிறுவும் செலவும் ரூ.6,000. நான்கு ஆண்டுகள் உழைக்கும், அதன்பின் ரூ.12,960-க்கு விலைபோகும் என்பது மதிப்பீடு. கணக்காண்டு மார்ச் 31-இல் முடிகிறது. கீழே வரும் குறிப்புகள் எல்லாம் இந்த ஒரே கணக்கைச் சுற்றியவை.

அடக்கவிலை. சொத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வரை ஆகும் செலவெல்லாம் அடக்கவிலையில் சேரும். ஆகவே அது ரூ.94,000 அல்ல, ரூ.1,00,000. பிறகு ஆண்டுதோறும் கட்டும் பராமரிப்புத் தொகை இதில் சேராது. அது அந்தந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். வினாவில் இவ்விரண்டையும் ஒரே வரியில் கலந்து கொடுப்பது வழக்கம்.

நேர்க்கோட்டு முறை. அடக்கவிலையிலிருந்து இறுதி மதிப்பைக் கழித்து, பயன்தரும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும்.

(1,00,000 − 12,960) ÷ 4 = 21,760

நான்கு ஆண்டுகளும் இதே தொகைதான். அடக்கவிலையில் இது 21.76%. வினாத்தாளில் 'நிலையான தவணை முறை' என்றிருந்தாலும் இதையே குறிக்கும்.

குறைந்து செல் மதிப்பு முறை. இங்கே விகிதம்தான் மாறாதது, தொகை மாறும். ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் ஏட்டில் நிற்கும் மதிப்பின் மீது விகிதத்தைப் போட வேண்டும். விகிதம் தரப்படாவிட்டால், இறுதி மதிப்பை அடக்கவிலையால் வகுத்து, எத்தனை ஆண்டோ அத்தனையாவது மூலம் எடுத்து, 1-லிருந்து கழிக்கலாம். நான்கு ஆண்டு என்பதால் இந்தக் கணக்கில் இருமுறை வர்க்கமூலம் எடுத்தாலே போதும், கால்குலேட்டர் தேவையில்லை: 12,960 ÷ 1,00,000 = 0.1296, அதன் வர்க்கமூலம் 0.36, மறுபடியும் எடுத்தால் 0.6, 1 − 0.6 = 0.4. விகிதம் 40%. இந்திய வருமான வரியில் கணினிக்குத் தரப்படும் விகிதமும் 40% என்பதால் நினைவில் வைப்பது எளிது.

நான்கு ஆண்டு ஏட்டு மதிப்பு (ரூபாயில்)

| மார்ச் 31 | நேர்க்கோடு: தேய்மானம் | நேர்க்கோடு: ஏட்டு மதிப்பு | குறைந்து செல்: தேய்மானம் | குறைந்து செல்: ஏட்டு மதிப்பு |
|---|---|---|---|---|
| 2022 | 21,760 | 78,240 | 40,000 | 60,000 |
| 2023 | 21,760 | 56,480 | 24,000 | 36,000 |
| 2024 | 21,760 | 34,720 | 14,400 | 21,600 |
| 2025 | 21,760 | 12,960 | 8,640 | 12,960 |
| மொத்தம் | 87,040 | | 87,040 | |

இரண்டு முறையிலும் மொத்தத் தேய்மானம் ஒன்றே. எந்த ஆண்டின் இலாபத்திலிருந்து எவ்வளவு கழிகிறது என்பதில்தான் வேறுபாடு. முதலாண்டில் குறைந்து செல் முறை இலாபத்தை ரூ.18,240 குறைத்துக் காட்டுகிறது. ஏட்டு மதிப்புகளின் இடைவெளி அதிகபட்சமாவது முதலாண்டு முடிவில் என்று பலர் எழுதுவார்கள். அட்டவணையைப் பாருங்கள்: 2023-இல் அது ரூ.20,480. இரண்டாம் ஆண்டிலும் குறைந்து செல் தேய்மானம் (24,000) நேர்க்கோட்டுத் தொகையைவிட அதிகம் என்பதால் இடைவெளி மேலும் விரிகிறது. மூன்றாம் ஆண்டில் 14,400 ஆகக் குறைந்ததும் சுருங்கத் தொடங்குகிறது.

இறுதி மதிப்பை எங்கே கழிப்பது? அதிக மதிப்பெண் பறிபோகும் இடம் இது. குறைந்து செல் முறையில் முதலிலேயே இறுதி மதிப்பைக் கழித்துவிட்டு 87,040-இன் மீது 40% போட்டால் முதலாண்டுத் தேய்மானம் 34,816 என்று வரும். அது தவறு. இறுதி மதிப்பு விகிதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. விகிதத்தை முழு ரூ.1,00,000-இன் மீதே போட வேண்டும். சரிபார்க்க எளிய வழி உண்டு: கடைசி ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 12,960-க்கு வந்து நிற்கிறதா என்று பார்ப்பது. விகிதம் முழு எண்ணாகச் சுருக்கப்பட்டிருந்தால் சற்று வேறுபடலாம், அவ்வளவே.

பூஜ்யம் ஆகாது. குறைந்து செல் முறையில் ஏட்டு மதிப்பு ஒருநாளும் பூஜ்யத்தைத் தொடாது. ஒவ்வோர் ஆண்டும் 60% மிஞ்சிக்கொண்டே இருக்கும். இறுதி மதிப்பு இல்லை என்று வைத்துச் சூத்திரத்தைப் போட்டால் விகிதம் 100% என்று வரும், அதாவது முதலாண்டிலேயே எல்லாம் கரைந்துவிடும். நேர்க்கோட்டு முறைக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

நடுவில் விற்றால். கணினிகள் 31-3-2023 அன்று ரூ.45,000-க்கு விற்கப்பட்டன என்று கொள்வோம். நேர்க்கோட்டு முறையில் ஏட்டு மதிப்பு 56,480, எனவே ரூ.11,480 நட்டம். குறைந்து செல் முறையில் ஏட்டு மதிப்பு 36,000, எனவே ரூ.9,000 இலாபம். ஒரே விற்பனை ஒரு ஏட்டில் நட்டமாகவும் இன்னொன்றில் இலாபமாகவும் தெரிகிறது. ஆனால் தேய்மானத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்: 43,520 + 11,480 = 55,000; 64,000 − 9,000 = 55,000. வாங்கியது ஒரு இலட்சம், விற்றது நாற்பத்தைந்தாயிரம், செலவு ஐம்பத்தைந்தாயிரம். எந்த முறையும் அதை மாற்ற முடியாது. விற்பனைக் கணக்கைச் சரிபார்க்க இந்தக் கூட்டல் ஒன்றே போதும்.

ஆண்டின் நடுவில் வாங்கினால். அதே கணினிகள் 1-10-2021 அன்று வந்தன என்றால் முதலாண்டுக்கு ஆறு மாதத் தேய்மானம் மட்டுமே. நேர்க்கோட்டில் 10,880 எழுதிவிட்டு அடுத்த ஆண்டு முதல் 21,760-க்குத் திரும்பலாம். விட்டுப்போன பாதி 2025-26-இல் வரும். குறைந்து செல் முறையில் முதலாண்டின் 20,000 அடுத்து வரும் எல்லா எண்களையும் மாற்றிவிடும்: ஏட்டு மதிப்பு 80,000, பிறகு 48,000, 28,800, 17,280, 30-9-2025 அன்று 13,824. நான்கு ஆண்டு முடிந்தும் 12,960 வரவில்லையே என்று பதற வேண்டாம். விகிதச் சூத்திரம் முழு ஆண்டுகளுக்கானது. அரையாண்டுக்கு 40%-இல் பாதி என்று எடுப்பதால் இந்த வேறுபாடு வருகிறது.

வருமான வரிக் கணக்கு இங்கே தனி வழியில் போகும். அதில் மாதக் கணக்கு கிடையாது. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதி விகிதம், இல்லாவிட்டால் முழு விகிதம். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள். அன்றே பயன்பாட்டுக்கு வந்திருந்தால் வரிக்கு 40,000, ஏட்டுக்கு 20,000. வினா எந்தக் கணக்கைக் கேட்கிறது என்பதை முதல் வரியிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

முறையை மாற்றினால். இரண்டாண்டு குறைந்து செல் முறையில் எழுதியபின் நேர்க்கோட்டுக்கு மாறுவதாக வைப்போம். 2016-இல் திருத்தப்பட்ட இந்தியக் கணக்கியல் தரநிலை 10-இன்படி இது மதிப்பீட்டில் செய்யும் மாற்றம். பழைய ஆண்டுகளைத் திருப்பிக் கணக்கிட வேண்டியதில்லை. கையிலிருக்கும் 36,000-லிருந்து 12,960 கழித்து, மீதி இரண்டு ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 11,520. அதற்கு முந்தைய தரநிலை 6, வாங்கிய நாளிலிருந்தே திருப்பிக் கணக்கிடச் சொன்னது. பழைய வழிகாட்டி நூல்களில் 20,480-ஐ இலாப நட்டக் கணக்கில் வரவு வைக்கும் தீர்வு இருந்தால் காரணம் அதுதான்.