போனை வைத்த பிறகு

மந்தைவெளி

அன்புள்ள தம்பிக்கு,

உன் பாட்டின் பல்லவியை எவனும் தொடக்கூடாது. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ் போன பிறகு, கையிலிருக்கும் போன் வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற அந்த முகத்துக்காகவே முழுப்பாட்டையும் மன்னிக்கலாம். ஆனால் சரணத்தில் 'காணொளி அழைப்பினில் கண்கள் கலந்தோம்' என்று எழுதிவிட்டாயே! பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பையன் காதலியிடம் 'காணொளி அழைப்பு' என்று சொல்வானா? மெட்டுக்கு இடமிருந்தால் 'வீடியோ கால்' என்றே வைத்திருப்பேன் என்பாய். அதுவும் சிக்கல்தான். 'காலில்' என்று பாடகர் நீட்டினால் கேட்பவன் காதில் பாதம்தான் விழும். அதைவிடப் பெரிய தப்பு, வீடியோ காலில் கண்கள் கலப்பதே இல்லை. கேமரா திரைக்கு மேலே இருக்கிறது. அவள் கண்ணை நீ பார்த்தால், நீ குனிந்திருப்பதாகத்தான் அவளுக்குத் தெரியும். கேமராவைப் பார்த்தால் அவள் முகம் உனக்குத் தப்பிவிடும். பார்த்துக்கொண்டே பார்க்காமலிருக்கும் இந்த அவஸ்தையை விட்டுவிட்டுப் பழைய 'கண்கள் கலந்தோம்' எதற்கு?

பொருளின் பெயர் பழசாகும், வினைச்சொல் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. இதை நான் விடாமல் சொல்வேன். ரிசீவர் போய் எத்தனையோ வருஷமாகியும் 'போனை வை' என்கிறோம், வைப்பதற்குத்தான் ஒன்றுமில்லை. பேஜரைப் பாட்டில் வைத்திருந்தால் இன்று அடிக்குறிப்பு போடவேண்டும். 'இந்தியன்' (1996) படத்தில் வைரமுத்து ஒரு பெண்ணின் சிரிப்பை டெலிபோன் மணியோடு ஒப்பிட்டாரே, அது பெயர்ச்சொல்தானே என்று நீ மடக்கலாம். அங்கே டெலிபோன் உவமையாக வேலை செய்கிறது. அந்தக் கருவி போனாலும் 'மணி' என்ற ஓசை நம் காதில் இருக்கிறது. உன் 'வாட்ஸ்அப் நீலக் குறி' வெறும் லேபிள். அது 2014-இல் வந்தது, நாளை நிறம் மாறலாம். தவிர 'வாட்ஸ்அப்' மெய்யில் போய் அடைத்துக்கொள்கிறது, கடைசியில் ராகம் இழுக்க உயிர் இல்லை. 'போனு' என்றால் கடைசி 'னு'விலேயே எவ்வளவு நேரமும் நிற்கலாம்.

பெயரே கூடாதென்றால் இந்தக் காலம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். நம் தூது இலக்கியத்தைப் பார். கிளியையோ தமிழையோ அனுப்பியவர்கள், சொல்லிவிட்டு மாலை வாங்கி வா என்றார்கள். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது தூது திரும்பும்வரை தெரியாது. உனக்கோ அவள் படித்ததும் தெரிகிறது, பதில் எழுதத் தொடங்கி நிறுத்தியதும் தெரிகிறது. இந்த வலி கிளியை அனுப்பியவளுக்குக் கிடையாது. நீலத்தை விட்டுவிட்டு, 'படிச்சும் பேசலியே' என்று அந்தச் செயலை எழுது. சரணத்தின் முதல் அடிக்கு இதை வைத்துப் பாடிப்பார்: 'போனை வச்சும் போகலியே உன் குரலு'. மெட்டில் உட்காரவில்லையென்றால் 'உன்'னை எடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்