ஞாயிறு காலைத் தலைவலி

கேள்வி: குழந்தைக்கு இரண்டு மாதம். இரவில் மூன்று முறை எழுகிறேன். காலையில் சாப்பிடுவதில்லை, ஆபீசில் இரவு ஏழு வரை ஐந்து காபி. சனிக்கிழமை நாலு மணியோடு காபி சரி. ஞாயிறு ஒன்பதுக்கு எழுந்தால் தலை பிளக்கிறது. காபி குடித்ததும் விடுகிறது. பிறகு காபி எப்படிக் காரணமாகும்?

பதில்: குடித்ததும் விடுகிறது என்பதே காபியைத்தான் காட்டுகிறது. கஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும். பழகியவருக்குக் கடைசிக் காபி போய் 12 முதல் 24 மணி நேரத்தில் அவை விரிந்து வலி தொடங்கும். வார நாளில் காலை ஆறுக்கே குடித்தால் இடைவெளி 11 மணி, ஞாயிறன்று 17. வார நாளிலும் மதியம் வலிக்கிறதே என்பீர்களானால், அது பெரும்பாலும் பசி. காபி பசியை மழுக்குவதால் உங்களுக்குத் தெரிவதில்லை. அரைகுறைத் தூக்கம் சிறு பசியையும் வலியாக்கிவிடும். ஆகவே காபியை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், வலி கூடும். நாலைந்து நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து வாருங்கள். முதல் காபி ஞாயிறன்றும் வார நாளின் அதே நேரத்தில், இரண்டு இட்லிக்குப் பிறகு. தலைவலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் விழுங்கினால் அதுவே தலைவலி தரும். திடீரென உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.