வெள்ளைப் பெட்டி இல்லாத கையெழுத்து

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் மாதப் பராமரிப்பு ரசீது வெளிர் பச்சை நிறத்தில் பி.டி.எஃப்-ஆக வரும். செயலாளரின் கையெழுத்து மட்டும் அதில் வெள்ளைத் துண்டுச்சீட்டை ஒட்டியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் துண்டு, கையொப்பத்துக்கென்று போட்ட புள்ளிக்கோட்டையும் பாதி மறைத்துவிடும். சொன்னதும் அவர் ஏதோ ஒரு செயலியில் பின்னணியை வெட்டிக் கொண்டுவந்தார். பெட்டி போயிருந்தது. ஆனால் அவர் தமிழில் கையெழுத்துப் போடுகிறவர். எழுத்துகளின் சுழிகளுக்குள் எல்லாம் வெள்ளை அப்படியே இருந்தது, கோடுகளின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை வேறு.

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இதற்கு கிம்ப் என்ற இலவச மென்பொருளே போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். கையெழுத்தை ஏற்றினால் பின்னணி நீக்கித் தரும் இணையதளங்கள் பக்கமே போக வேண்டாம். உங்கள் கையெழுத்தை முகம் தெரியாதவர்களின் கணினிக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

முதலில் தாளும் பேனாவும். கோடு போடாத, மடிப்பு விழாத ஏ4 தாள். பின்பக்கம் எதுவும் அச்சாகியிருக்கக் கூடாது. பால்பாயிண்ட் பேனா உதவாது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை அது விட்டுவிட்டுப் போகும், பெரிதாக்கினால் கோடு பொடிப்பொடியாகத் தெரியும். 0.7 ஜெல் பேனா வைத்துக்கொள்ளுங்கள். நீலமே என் கட்சி. கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே கையெழுத்து தனித்துத் தெரியும். தாள் முழுக்க ஏழெட்டு முறை போட்டுவிட்டு, வங்கியில் இருப்பதற்கு நெருக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு எப்போதும் விறைப்பாகத்தான் வரும்.

ஸ்கேனர் இருந்தால் 600 டி.பி.ஐ., வண்ணம் என்று வைத்து ஸ்கேன் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், ஃபிளாஷ் போடாமல் கைபேசியில் படம் எடுங்கள். கைபேசியின் நிழல் கையெழுத்தின் மேல் குறுக்கே விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஸ்கேன் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் கறுப்பு-வெள்ளை வடிகட்டியை அணைத்துவிடுங்கள். படிப்பதற்கு அது பளிச்சென்று இருக்கும். ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை என்று முடிவுகட்டிவிடுவதால் கோட்டின் ஓரம் படிக்கட்டு போல ஆகிவிடும். கோட்டோரத்தில் இருக்கும் அந்தச் சாம்பல் புள்ளிகள்தான் நமக்கு முக்கியம், அவை போய்விட்டால் திரும்ப வராது.

படத்தைக் கணினிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் புகைப்படமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கிம்ப்பில் திறந்து, தேர்ந்த கையெழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் தாள், படத்தில் வெள்ளை இல்லை. ஜன்னல் பக்கம் வெளிர் சாம்பல், மறுபக்கம் இன்னும் கொஞ்சம் இருட்டு, குழல்விளக்கோ மஞ்சள் பல்போ எரிந்தால் அதன் சாயமும் சேர்ந்துவிடும். இந்த நிலையில் நேராக மந்திரக்கோல் போன்ற தேர்வுக் கருவியை எடுத்துத் தாளைச் சொடுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அந்தக் கருவி தொட்ட இடத்திலிருந்து பரவிக்கொண்டே போகும், மைக்கோட்டில் முட்டினால் நின்றுவிடும். அதனால்தான் ‘ழ’வின் சுழிக்குள்ளும் ‘ண’வின் சுழிக்குள்ளும் தாள் சிக்கிக்கொள்கிறது. ஓரத்துச் சாம்பல் புள்ளிகளைத் தாளா மையா என்று அதற்குப் பிரிக்கவும் தெரியாது. வெள்ளைக் கரை வருவது அதனால்தான். தாளை வெட்டி எடுக்கக் கூடாது. தாளின் நிறத்தைப் படத்திலிருந்து கழிக்க வேண்டும். அதற்கு முன்னால் தாள் உண்மையாகவே வெள்ளையாக வேண்டும்.

கிம்ப் 3 வைத்திருப்பவர்கள், இனி திறக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் Merge Filter என்பது இருந்தால் அதை டிக் செய்துகொண்டே வாருங்கள். இல்லாவிட்டால் செய்த மாற்றம் லேயரில் கலக்காமல் மேலாகவே நிற்கும்.

வெளிச்ச வேறுபாட்டைப் போக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. Layer > Duplicate Layer கொடுத்து லேயரைப் பிரதி எடுங்கள். மேலே இருக்கும் பிரதிக்கு Filters > Blur > Gaussian Blur கொடுத்து, அளவை 100, 150 என்று பெரிதாக வையுங்கள். கையெழுத்து கரைந்து வெறும் மங்கலாகி, தாளின் வெளிச்சம் எந்தப் பக்கம் கூடுதல், எந்தப் பக்கம் குறைவு என்பது மட்டும் மிஞ்ச வேண்டும். கோடு இன்னமும் அடையாளம் தெரிந்தால் அளவு போதவில்லை. பிறகு அந்த லேயரின் Mode என்ற இடத்தில் Normal என்பதை Divide என்று மாற்றுங்கள். சட்டென்று தாள் முழுக்க ஒரே வெள்ளையாகிவிடும். கீழே இருக்கும் படம், மேலே இருக்கும் மங்கலால் புள்ளிக்குப் புள்ளி வகுபடுகிறது. தாள் இருக்கும் இடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் ஈவு ஒன்று, அதாவது வெள்ளை. மை இருக்கும் இடத்தில் மட்டும் ஈவு குறைவாக வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் இது தனித்தனியாக நடப்பதால் மஞ்சள் பல்பின் சாயமும் கூடவே போய்விடும். Layer > Merge Down கொடுத்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். நல்ல ஸ்கேனர் படமாக இருந்தால் இந்தப் பத்தியையே தாண்டிவிடலாம்.

அடுத்தது Colors > Levels. பெட்டியில் ஒரு மலை போன்ற வரைபடம் தெரியும். வலது கோடியில் உயரமாக நிற்பது தாள், இடப்பக்கம் பரவலாகக் கிடக்கும் சிறு மேடு மை. வரைபடத்துக்குக் கீழே உள்ள வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கமாக நகர்த்தி, தாள் மலையின் இடது அடிவாரத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் 225 பக்கம் வந்து நிற்கும். தாளின் நெசவும் தூசும் அதோடு மறைந்துவிடும். கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கமாக 60, 70 வரை தள்ளினால் மை அடர்த்தியாகும். அதிகம் தள்ள வேண்டாம். கோடு இழையும் இடமும் அழுந்தும் இடமும் ஒரே கனமாகிவிட்டால் கையெழுத்து ரப்பர் ஸ்டாம்பு போல ஆகிவிடும்.

இப்போது கழித்தல். Colors > Color to Alpha திறங்கள். கழிக்க வேண்டிய நிறமாக வெள்ளையே இருக்கும். சுழிகளுக்குள் இருந்த வெள்ளை உட்பட எல்லாம் போய், பின்னால் சாம்பல் கட்டங்கள் தெரியும். கிம்ப் ‘ஒன்றுமில்லை’ என்பதைக் காட்டும் விதம் அது. ஓரத்துச் சாம்பல் புள்ளி ஒவ்வொன்றும் அரைகுறை மையாக மாறியிருக்கும். எந்த நிறத் தாளின் மேல் வைத்தாலும் கரை தெரியாது.

இங்கேயே ஓகே கொடுத்துவிடுகிறவர்கள்தான், அச்செடுத்த பிறகு கையெழுத்து வெளிறிப்போயிற்று என்பார்கள். நீல மையிலும் வெள்ளையின் பங்கு கொஞ்சம் உண்டு. அதையும் சேர்த்துக் கழித்துவிட்டதால் மைக்கோடே பாதி கண்ணாடியாகிவிடுகிறது, கீழே உள்ள புள்ளிக்கோடு அதனூடே தெரிகிறது. அதே பெட்டியில் Opacity threshold என்பதை 1-இலிருந்து 0.7 பக்கம் இறக்குங்கள். அந்த அளவுக்கு மேல் வெள்ளையிலிருந்து விலகி இருக்கும் எந்த நிறமும் முழு மையாகவே நிற்கும். Transparency threshold என்பதை 0.05 வரை ஏற்றினால், தப்பிப் பிழைத்த மெல்லிய தூசும் போகும். இரண்டையும் கண்ணால் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். எண்ணை நம்பாதீர்கள், பேனாவுக்குப் பேனா மாறும்.

சரியாக வந்ததா என்று சோதிக்க இரண்டு வழி உண்டு. Image > Crop to Content கொடுங்கள். கையெழுத்தை ஒட்டி இறுக்கமாக வெட்டினால் சுத்தம். எங்கோ தள்ளி வெட்டினால், அந்த மூலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அழிப்பானால் அந்தப் பக்கத்தைத் துடைத்துவிட்டு மறுபடி கொடுங்கள். இரண்டாவது, புது லேயர் ஒன்றை அடியில் வைத்து வெளிர் பச்சையோ மஞ்சளோ நிரப்பிப் பெரிதாக்கிப் பாருங்கள். மூட்டமாகத் தெரிந்தால் Levels-இல் வெள்ளை முக்கோணம் போதவில்லை. Undo போட்டு அங்கே திரும்புங்கள். பார்த்து முடித்ததும் அந்த வண்ண லேயரை நீக்க மறக்க வேண்டாம்.

Image > Scale Image கொடுத்து அகலத்தை 1200 பிக்செல் ஆக்குங்கள். ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாது. 200 பிக்செலில் வைத்தால் திரையில் நன்றாகத் தெரிந்து அச்சில் பல்லிளிக்கும். File > Export As கொடுத்து `oppam.png` என்று சேமியுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் இதுவரை செய்தது அத்தனையும் வீண். ஒளிபுகும் தன்மையை வைத்துக்கொள்ள ஜேபெக்கில் இடமே கிடையாது.

பி.டி.எஃப்-இல் வைப்பதற்கு ஃபயர்பாக்ஸ் உலாவியே போதும். கோப்பை அதில் திறந்து, மேலே உள்ள படம் சேர்க்கும் பொத்தானை அழுத்தி `oppam.png`-ஐத் தேர்ந்து, மூலையைப் பிடித்து இழுத்து அளவு சரிசெய்யுங்கள். நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம். கோட்டுக்கு மேலே அந்தரத்தில் மிதக்க விடாமல், கையால் போட்டால் எப்படி விழுமோ அப்படிக் கோட்டைக் கொஞ்சம் கடந்து இறங்கும்படி வையுங்கள். லிப்ரேஆபீஸ் டிராவில் தமிழ் பி.டி.எஃப்-ஐத் திறக்காமல் இருப்பது நல்லது. எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும்.

சேமித்த கோப்பில் அந்தப் படம் பக்கத்தின் மேல் ஒரு ஒட்டாக இருக்கிறது. வேறொருவர் திறந்து நகர்த்தவோ நீக்கவோ முடியும். அனுப்புமுன் Print கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதில் Save to PDF என்பதைத் தேர்ந்தால் பக்கத்தோடு பதிந்துவிடும். அப்போதும்கூட, விவரம் தெரிந்தவர் படத்தை மட்டும் உருவி எடுத்துவிடலாம். அதனால் ரசீது, சுற்றறிக்கை, விடுப்புக் கடிதம் போன்றவற்றோடு இதை நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 சொல்லும் டிஜிட்டல் கையொப்பம் வேறு. அது சான்றிதழ் அடிப்படையில் இயங்குவது, கோப்பில் பின்னர் கைவைத்தால் காட்டிக்கொடுப்பது. அதைக் கேட்கும் இடத்தில் இந்தப் படம் செல்லாது.

Levels முடித்து, Color to Alpha போடுவதற்கு முன்னால் இருந்த வெள்ளைத் தாள் நிலையையும் ஒரு ஜேபெக்காகத் தனியே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு விண்ணப்பத் தளங்கள் பலவும் ஜேபெக் கையெழுத்தைத்தான் கேட்கும். ஒளிபுகும் பி.என்.ஜி.-யை அவசரத்தில் ஜேபெக்காக மாற்றினால் பல செயலிகளில் பின்னணி முழுக்கக் கறுப்பாகிவிடும். கறுப்பு மையில் கையெழுத்திட்டவர்களுக்கு அப்போது வெறும் கறுப்புக் கட்டம்தான் மிஞ்சும்.