பாதியில் நின்ற பின்வாங்கல்

ஏரீஸ் முறையில் டேட்டாபேஸ் மீளும்போது, அண்டூ பாதியில் இருக்கையில் மறுபடி கரண்ட் போனால், ஏற்கெனவே ரத்தான மாற்றம் இரண்டாம் தடவையும் ரத்தாகிக் கணக்கு குழம்பிவிடாதா?
– வாசகி, திருச்சி

குழம்பாது. ஐ.பி.எம்.மில் சி.மோகன் குழுவினர் 1992-இல் வெளியிட்ட இந்த முறையின் அழகே அங்குதான் இருக்கிறது.

முடியாத ஒரு பரிவர்த்தனை, லாக் எண் 10-இல் ஒரு கணக்கில் 100 ரூபாய் கூட்டி, 20-இல் இன்னொன்றில் 50 கழித்திருக்கிறது. மெஷின் விழுந்து எழுகிறது. அண்டூ கடைசியிலிருந்து தொடங்கும். 50-ஐத் திரும்பக் கூட்டி, அதையும் 30-ஆம் பதிவாக லாக்கில் எழுதும். இதுதான் ஈடுசெய் பதிவு. ‘அடுத்து ரத்தாக வேண்டியது 10’ என்ற குறிப்பும் அதற்குள்ளேயே இருக்கும்.

இப்போது மறுபடி கரண்ட் போகிறது. அனாலிசிஸ் கட்டம் லாக்கைப் படித்து, முடியாத பரிவர்த்தனைகளையும், டிஸ்குக்குப் போகாமல் நின்றிருக்கக்கூடிய பக்கங்களின் பட்டியலையும் மீட்டெடுக்கும். அந்தப் பட்டியலில் உள்ள மிகப் பழைய எண்ணிலிருந்து, இங்கே 10 என்று வைத்துக்கொள்ளுங்கள், ரீடூ புறப்படும். பக்கத்தில் பொறித்த எண் பதிவின் எண்ணுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால், அந்த மாற்றம் டிஸ்கில் ஏறிவிட்டது, தாண்டிவிடும். இல்லையென்றால் 10, 20, 30 மூன்றையும் வரிசையாகச் செய்யும். தோற்ற பரிவர்த்தனைதானே என்று விடாது. ரத்து செய்த 30-ஆம் பதிவும் ரீடூவில் திரும்ப நடப்பதால்தான் அந்த 50 சரியாகத் திரும்புகிறது.

பிறகு அண்டூ முதலில் பார்ப்பது 30-ஐ. ஈடுசெய் பதிவை எப்போதும் ரத்து செய்வதில்லை. அதன் குறிப்பைப் பிடித்து 20-ஐத் தாண்டி நேரே 10-க்குப் போய், அந்த 100-ஐ மட்டும் கழித்து, 40-ஆம் பதிவை எழுதும்.