அயலார் நிலத்தில் வழிநடைப் பாத்தியம்

அறுவடைக் காலத்தில் நம் ஒன்றியத்து ஊராட்சிகளில் அடிக்கடி எழும் வழக்கு, வண்டிப்பாதை வழக்காகும். இதுபற்றிய சட்டம் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். அதன் விதிகளை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம்.

முருகன் என்பவரின் நிலம் உட்புறத்தில் உள்ளது. சாலைக்கும் அதற்கும் இடையே கந்தன் என்பவரின் நஞ்சை. 1998 முதல் முருகன், கந்தனின் வடவரப்பை ஒட்டி வண்டி ஓட்டி வந்தார். 2024 தை மாதத்தில் கந்தன் அங்கே முள்வேலி அடைத்தார் என்று கொள்வோம். முருகனுக்குப் பாத்தியம் உண்டா?

இடையறாது இருபது ஆண்டுகள், வெளிப்படையாகவும், சச்சரவின்றியும், உரிமை என்ற முறையிலும் பாதையை அனுபவித்திருந்தால் உண்டு. அரசு நிலமாயின் முப்பது ஆண்டுகள் வேண்டும். முருகன் இருபத்தாறு ஆண்டுகள் சென்றமையால், காலக்கணக்கில் குறைவில்லை.

ஆயினும் ஆண்டுதோறும் அறுப்பின்போது, "அண்ணே, வண்டி போக விடுங்கள்" என்று கேட்டு, ஒரு மரக்கால் நெல்லும் கொடுத்து வந்திருந்தால், அது அனுமதியே, உரிமையன்று. அனுமதியால் நடந்த காலம் எத்தனை ஆண்டுகளாயினும் பாத்தியத்தை உண்டாக்காது. பெரும்பாலான வழக்குகள் தோற்பது இவ்விடத்திலேயாம்.

மற்றொன்று காலதாமதம். இருபதாண்டு அனுபவம், வழக்குத் தொடுப்பதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவுற்றதாக இருத்தல் வேண்டும். ஆகவே 2024-இல் அடைத்த வேலிக்கு 2027-இல் நீதிமன்றம் செல்பவருக்கு, பழைய அனுபவம் பயன்படாது. மேலும், பழகிய அளவே உரிமையின் அளவு; ஆள் நடந்த வரப்பை வண்டிப்பாதையாக்கிக் கொள்ள இயலாது.

இரு நிலங்களும் முன்னர் ஒரே தந்தையின் சொத்தாயிருந்து, பாகப்பிரிவினையால் பிரிந்திருந்தால் நிலைமை வேறு. முருகனின் பாகத்திற்கு வேறு வழியே இல்லையாயின், இருபது ஆண்டுகள் காத்திராமலே அவருக்கு அவசிய வழி உண்டு. ஆனால், சுற்றுவழி ஒன்று இருந்து, அது தூரம் என்பது மட்டும் காரணமாகாது. பின்னர் வேறு புறத்தில் சாலை அமைந்து அவசியம் நீங்கினால், இவ்வுரிமையும் நீங்கும்.

இவற்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு வழி கேட்பவருடையது. பத்திரத்தில் "மாமூல் வழிநடைப் பாத்தியம்" என்ற வாசகம் உள்ளதா, புல வரைபடத்தில் பாதை காட்டப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அண்டை நிலத்தாரின் சாட்சியமும் உதவும்.

ஊராட்சித் தீர்மானம் இப்பாத்தியத்தை உண்டாக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. முடிவு உரிமையியல் நீதிமன்றத்தினுடையது. எனினும் இருவரும் இணங்குவாராயின், உறுப்பினர்கள் முன்னின்று பாதையின் அகலம், எல்லை, செல்லும் வாகனம் ஆகியவற்றைக் குறித்து எழுதிப் பதிவு செய்விக்கலாம். அதன்பின் இருபதாண்டுக் கணக்கிற்கு இடமில்லை.