அனுமதி முதலில், கருத்தாய்வு பிறகு: மாணவர் ஆய்வும் நெறிமுறைக் குழுவும்

செங்காங்கில் வசிக்கும் ஓர் இறுதியாண்டு மாணவி, தன் வட்டாரத்துப் பதின்ம வயதினர் வீட்டில் எவ்வளவு தமிழ் பேசுகிறார்கள் என்று ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிவர்வேல், காம்பஸ்வேல் பகுதிகளில் தமிழ் படிக்கும் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் ஓர் இணையக் கருத்தாய்வு நடத்தி, பிறகு சிலரை மட்டும் நேரில் பேட்டி காண்பது அவரது திட்டம். நல்ல தலைப்பு. ஆனால் இத்தகைய ஆய்வுகள் பாழாவது பெரும்பாலும் கேள்விகளால் அல்ல, வரிசை மாறுவதால்தான். அதற்குக் காரணமான சில நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை: “ஊசி போடவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. வெறும் கேள்வித்தாளுக்கு எதற்கு அனுமதி?”

உண்மை: ஆய்வுக்காக மனிதர்களிடம் தகவல் கேட்டாலே அது நெறிமுறைக் குழுவின் பார்வைக்குப் போகவேண்டும். ஐஆர்பி என்று பல்கலைக்கழகங்களில் சொல்லப்படும் குழு அதுதான். மருத்துவ ஆய்வுகளுக்கென சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வராத சமூக ஆய்வுகளையும் பல்கலைக்கழகங்கள் தங்கள் குழுக்களைக் கொண்டு பரிசீலிக்கின்றன.

கேள்வியாலும் காயம் ஏற்படும். “வீட்டில் தமிழ் பேசாததற்காகப் பெற்றோருடன் சண்டை வந்ததுண்டா?” என்று கேட்டால், 14 வயதுப் பிள்ளை ஒரு குடும்பச் சிக்கலைக் கொட்டிவிடலாம். பிள்ளை அப்படிப் பேசினால் யாரிடம் சொல்வது, பேட்டியை எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கவேண்டும்.

ஆபத்து மிகக் குறைந்த ஆய்வுகளுக்கு முழுப் பரிசீலனையிலிருந்து விலக்கு கிடைப்பதுண்டு. ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது குழு, மாணவர் அல்ல. அந்தத் தீர்மானமும் கடிதமாகக் கைக்கு வரவேண்டும்.

நம்பிக்கை: “நேரம் போதவில்லை. முதலில் திரட்டிவிடுவோம், அனுமதியைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.”

உண்மை: பின்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. இந்த மனிதர்களை இந்த முறையில் அணுகலாமா என்பதுதான் குழுவின் முன் உள்ள கேள்வி. அணுகி முடித்த பிறகு குழு தடுப்பதற்கும் எதுவுமில்லை, திருத்துவதற்கும் எதுவுமில்லை.

அனுமதிக்கு முன் வந்த பதில்களைப் பொதுவாக ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. விதிமீறலாகக் குழுவிடம் தெரிவிக்கவேண்டிய நிலையும் வரும். இதை மறைக்கவும் முடியாது. இணையப் படிவத்தின் விடைத்தாளில் ஒவ்வொரு பதிலின் அருகிலும் நாளும் நேரமும் தானாகப் பதிவாகும். முதல் பதில் நவம்பர் 18, அனுமதிக் கடிதம் டிசம்பர் 2 என்றால், தேர்வாளர் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினால் அனுமதி எண்ணைக் கேட்பார்கள்.

உலக அளவில் பேசப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2012 ஜனவரியில் ஒரு வாரத்துக்கு, பேஸ்புக் நிறுவனம் 6,89,003 பயனர்களின் பக்கத்தில் உணர்ச்சிகரமான பதிவுகள் தோன்றும் அளவை மாற்றிச் சோதித்தது. 2014இல் ஆய்வு வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. தரவை பேஸ்புக் ஏற்கெனவே திரட்டிவிட்டதால் தங்கள் குழுவின் பரிசீலனை தேவைப்படவில்லை என்றது, ஆய்வில் பங்கேற்ற ஆய்வாளர் பணியாற்றிய கார்னெல் பல்கலைக்கழகம். பங்கேற்றோரின் ஒப்புதல் பற்றிய கவலையை, ஆய்வை வெளியிட்ட ஆய்விதழ் தனிக் குறிப்பாகவே வெளியிட்டது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அந்தப் பயனர்களிடம் போய் இனி ஒப்புதல் கேட்க வழியில்லை.

நம்பிக்கை: “முன்னோட்டக் கருத்தாய்வு கணக்கில் வராது.”

உண்மை: தோழியிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, “இந்த வாக்கியம் புரிகிறதா?” என்று கேட்டுவிட்டு, அவர் பதிலைச் சேமிக்காமல் விடுவது பொதுவாகச் சிக்கலில்லை. ஆனால் தமிழ் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு, 20 பிள்ளைகளின் பதில்களை வாங்கி, சராசரி எடுத்துப் பார்ப்பது தரவு திரட்டுவதேயாகும். முன்னோட்டம் தேவையென்றால் அதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். எந்தப் பக்கம் சேரும் என்று ஐயம் இருந்தால், குழு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: “பள்ளி சம்மதித்துவிட்டது. அது போதும்.”

உண்மை: பள்ளி வாசலைத் திறந்துவிடலாம், ஆனால் பிள்ளைக்காகச் சம்மதிக்க முடியாது. இங்கே மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: நெறிமுறைக் குழுவின் அனுமதி, பள்ளிக்குள் ஆய்வு நடத்த உரியவர்களின் அனுமதி, பங்கேற்பவரின் ஒப்புதல். எதுவும் மற்றொன்றுக்கு ஈடாகாது. சிங்கப்பூரில் 21 வயது நிரம்பாதவர் சிறாராகக் கருதப்படுவதால், 14 வயதுப் பிள்ளையின் விருப்பத்தோடு பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். பெற்றோர் ஒப்புதலிலிருந்து விலக்கு தேவையென்றால் குழுவிடம் காரணம் காட்டிக் கேட்கவேண்டும்.

படிவத்தை யார் கொடுக்கிறார் என்பதும் முக்கியம். மதிப்பெண் போடும் தமிழாசிரியரே கையில் கொடுத்தால், எந்தப் பிள்ளை “வேண்டாம்” என்று சொல்லும்? பாட்டியே பாதுகாவலராகக் கையெழுத்திடும் வீடு என்றால் படிவம் தமிழிலும் இருக்கவேண்டும். அந்தத் தமிழ் வடிவத்தையும் விண்ணப்பத்தோடு சேர்த்தே குழுவுக்குக் கொடுக்கவேண்டும்.

நம்பிக்கை: “பெயர் கேட்கவில்லை. அதனால் யாரென்று தெரியாது.”

உண்மை: தமிழ் படிக்கும் உயர்நிலை 3 மாணவி, இந்தப் பள்ளி, இந்த புளோக், மூன்று உடன்பிறப்புகள். இவ்வளவு தெரிந்தால் அக்கம்பக்கத்தார் அந்தப் பிள்ளையைச் சட்டென்று அடையாளம் கண்டுவிடுவார்கள். சிறிய சமூகத்தில் பல தகவல்கள் சேர்ந்தாலே பெயருக்குச் சமம். புளோக் எண் ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் கேட்காதீர்கள், வட்டாரம் போதும். பரிசுக் குலுக்கலுக்குத் தொலைபேசி எண் வேண்டுமென்றால் அதைத் தனிப் படிவத்தில் வாங்குங்கள், பதில்களோடு ஒட்டிவிடாதீர்கள். படிவம் மின்னஞ்சல் முகவரியைத் தானாகச் சேமிக்கும்படி அமைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேமித்தால் “பெயரற்ற கருத்தாய்வு” என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியது பொய்யாகிவிடும்.

அப்படியானால் எப்போது தொடங்குவது?

நம் மாணவி நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சந்திக்க நினைக்கிறார். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். சிறார் பங்கேற்பதால் பரிசீலனைக்குப் பல வாரங்கள் பிடிக்கலாம். குழு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் இன்னும் சில வாரங்கள். எனவே ஆகஸ்டில் பருவம் தொடங்கியதும் நெறிமுறைப் பயிற்சியை முடித்து, மேற்பார்வையாளரின் ஒப்புதலோடு, கேள்வித்தாள், அழைப்புச் செய்தி, இரு ஒப்புதல் படிவங்கள், தரவை எங்கே வைத்து எப்போது அழிப்பது என்ற குறிப்பு ஆகியவற்றைச் செப்டம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டால் மூச்சுவிட இடம் இருக்கும். அனுமதி வந்த பிறகு ஒரு கேள்வியைச் சேர்த்தாலோ வயது வரம்பை மாற்றினாலோ, திருத்தத்துக்கும் முதலில் அனுமதி வாங்கவேண்டும். அதே மாணவி செங்காங் பொது மருத்துவமனை நோயாளிகளையும் கேட்க நினைத்தால், அந்த மருத்துவமனை சார்ந்துள்ள சிங்ஹெல்த் குழுமத்தின் நெறிமுறைக் குழுவையும் நாடவேண்டியிருக்கும். அதற்கான நாள்களையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மாணவர்களே, கேள்வித்தாள் தயாரானதும் இணைப்பை அனுப்பக் கை பரபரக்கும். அனுமதி எண்ணும் தேதியும் உள்ள கடிதம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருவருக்குக்கூட அனுப்பாதீர்கள்.